அன்று ஊறிய மை, இன்று ஈஷும் மை

ஐம்பது வயதைத் தாண்டிய யார் வீட்டுப் பரணிலாவது ஒரு பழைய கட்டுரை நோட்டு கிடைத்தால், எழுத்துகளின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் பூனை மயிர் மாதிரி மெல்லிய கால்கள் முளைத்திருக்கும். 'ண'வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தைத் திருப்பினால் முன்பக்கத்துப் புள்ளிகளெல்லாம் பின்பக்கத்தில் நீலப் பொட்டுகளாக வந்திருக்கும். அதன் பக்கத்தில் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளையின் நோட்டை வையுங்கள். எழுத்து ஒவ்வொன்றும் அச்சடித்ததுபோல் கூர்மையாக இருக்கும், பின்பக்கமும் சுத்தமாக இருக்கும். ஆனால் அடிக்கோடு போட்ட இடத்தில் ஒரு நீலத் தீற்றல், வரிகளின் மேல் ஒரு மங்கல், எதிர்ப்பக்கத்தில் தலைகீழாகப் பதிந்த நிழல் எழுத்துகள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் நோட்டுத் திருத்தியவன் நான். முதல் பாதி முழுக்க, "ஏண்டா மை இப்படி ஊறியிருக்கு?" என்று கேட்டேன். பின்பாதியில் என் கேள்வி, "ஏம்மா இப்படி ஈஷி வச்சிருக்கே?" என்று மாறிவிட்டது. இரண்டுக்கும் காரணம் நேரெதிரானது. அன்றைய தாள் மையை அளவுக்கு மீறிக் குடித்தது. இன்றைய தாள் அதைச் சட்டென்று குடிக்க மறுக்கிறது. பேனாவும் நோட்டும் வாங்கப் போகிற பெற்றோர் இந்த ஒரு மாற்றத்தைப் புரிந்துகொண்டால் போதும், கடையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அன்றைய பவுண்டன் பேனாவின் மை ஏறத்தாழ முழுக்கத் தண்ணீர்தான், அதில் சாயம் கரைந்திருக்கும். பிரில், கேமல் என்று புட்டிகள் வரும். ராயல் புளூ வேண்டுமா, புளூ பிளாக் வேண்டுமா என்பதுதான் அன்று மாணவனுக்கு இருந்த பெரிய தேர்வு. ராயல் புளூ பார்க்க அழகு, சட்டையில் பட்டாலும் துவைத்தால் போகும். ஆனால் மழையில் பை நனைந்தால் அரைப் பரீட்சைப் பாடமும் அதோடு போய்விடும். அதனால் விவரமான வீடுகளில் புளூ பிளாக் வாங்கினார்கள். புட்டி வாங்க முடியாதவர்களுக்குக் கடைக்காரரே சில்லறை வாங்கிக்கொண்டு பேனாவில் மை ஊற்றித் தருவார். நிப்பின் பிளவு வழியாகத் தண்ணீர்போல மை இறங்கும். எழுதும் கை ஒரு கணம் நின்றால் அந்த இடத்தில் குளம் கட்டும்.

அந்தக் குளத்தை வாங்கிய தாள் எப்படிப்பட்டது என்பதுதான் முக்கியம். தாள் என்பது நார்களின் பின்னல். ஒன்றும் செய்யாமல் விட்டால் அது மையொற்றும் தாள்தான், எந்த ஈரத்தையும் நார்களின் வழியே இழுத்துக்கொள்ளும். எழுதுவதற்கு ஏற்றதாக வேண்டுமானால் கூழிலேயே பசை சேர்க்க வேண்டும். ஆலைக்காரர்கள் இதை சைசிங் என்பார்கள். பழைய முறையில் பைன் மரப் பிசினும் படிகாரமும் சேர்ப்பார்கள். பசை போதுமான அளவு இருந்தால் மை மேலாக நிற்கும், குறைந்தால் நாரைப் பிடித்துக்கொண்டு ஓடும். எழுத்துக்கு முளைத்த கால்கள் அப்படி மை ஓடிய தடங்கள்தான். கூட்டுறவுப் பண்டகசாலையில் வரிசையில் நின்று வாங்கிய கட்டுப்பாட்டு விலை நோட்டுகளில் பல இந்த ரகம். பழுப்பு நிறம், வைக்கோல் துண்டு மாதிரி தெரியும் நார், விரலால் தடவினால் சொரசொரப்பு. படிகாரம் தாளில் அமிலத்தை விட்டுவைப்பதால், பழைய நோட்டுகள் இப்போது மஞ்சளாகி மடிப்பில் ஒடிகின்றன.

அதனால் அன்றைய மாணவனின் கெட்டிக்காரத்தனமெல்லாம் ஈரத்தைக் குறைப்பதில்தான் இருந்தது. நோட்டுக்குள் ஒற்றுத்தாள் ஒன்று இருக்கும். அது இல்லாதவன் சாக்பீஸை மைத்துளியின் மேல் உருட்டுவான், சாக்பீஸ் நீலமாகும். நிப்பு அதிகம் கக்கினால் அதன் அடியில் உள்ள கறுப்புக் கட்டையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி இறுக்குவான். நோட்டு வாங்கும்போது பெரியவர்கள் கடைசிப் பக்கத்தின் மூலையை நாக்கில் தொட்டுப் பார்ப்பார்கள். ஈரம் உடனே மறுபக்கம் தெரிந்தால் அந்த நோட்டு வேண்டாம். பரிசோதனைக்கூடத்தில் தாளின் பசையைச் சோதிப்பதும் அடிப்படையில் இப்படித்தான்: தண்ணீர் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார்கள்.

பால்பாயிண்ட் பேனா வந்தபோது இந்தத் தொல்லை முழுக்கத் தீர்ந்தது. லாஸ்லோ பிரோ என்ற ஹங்கேரிய பத்திரிகையாளர் 1938-இல் காப்புரிமை பெற்ற அந்தப் பேனாவில் இருப்பது தண்ணீர் மை அல்ல, எண்ணெய்த்தன்மை கொண்ட கெட்டிக் குழம்பு. தாள் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அது நாரைப் பிடித்து ஓடாது. சென்னையில் தயாரான ரெனால்ட்ஸ் 045, வெள்ளை உடலும் நீல மூடியுமாகத் தமிழ்நாட்டுச் சட்டைப் பைகளில் குடியேறியதற்கு விலையோடு இதுவும் ஒரு காரணம். சாணித்தாளிலும் அது ஒழுங்காக எழுதியது. எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை பால்பாயிண்டை அனுமதிக்கவில்லை, எழுத்து கெட்டுவிடும் என்று சொன்னோம். அதில் ஓரளவு உண்மை இருந்தது. கெட்டி மையை இறக்க அழுத்தி எழுத வேண்டும், அழுத்தி எழுதும் பிள்ளையின் விரல் இறுகும், கையெழுத்தும் இறுகும். மெல்லிய தாளில் அந்த அழுத்தம் பின்பக்கம் பள்ளம் பள்ளமாகத் தெரியும், அங்கே மறுபடி எழுதினால் பேனா தடுக்கும்.

இதற்கிடையே தாளும் மாறிவிட்டது. கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்வதற்காக 1979-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருப்பது பலருக்கும் தெரியும். சக்கையின் நார் குட்டையானது, நெருக்கமாகப் படியும், தாள் மழமழவென்று வரும். பொதுவாகவே பிசினும் படிகாரமும் போன இடத்தில் வேறு பசைகள் வந்தன. வெளுப்புக்கும் ஒளிபுகாமைக்கும் சுண்ணாம்புத்தூளை நிரப்பினார்கள், மேற்பரப்பில் மாவுப்பசையைப் பூசி உருளைகளுக்கு நடுவே அழுத்தி வழவழப்பாக்கினார்கள். இன்று கடையில் நல்ல நோட்டு என்று கையில் தருவது இதைத்தான். இந்தத் தாளில் மை ஊறாது, அதனால் மேலேயே கிடக்கும்.

அந்தத் தாளின் மேல்தான் ஜெல் பேனா வந்து உட்கார்ந்தது. ஜப்பானில் 1984-இல் பிறந்த ஜெல் மை பவுண்டன் பேனா மைக்கும் பால்பாயிண்ட் மைக்கும் நடுவில் நிற்கிறது. அடிப்படை தண்ணீர்தான், அதில் கெட்டிப்படுத்தும் பசை சேர்த்திருப்பார்கள். சும்மா இருக்கும்போது கூழாக நிற்கும், பந்து உருளும்போது நீர்த்து ஓடும். அழுத்தவே வேண்டாம், அடர்த்தியான நிறம், கைவலி இல்லை. பிள்ளைகள் அதை விரும்புவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதில் இருக்கும் தண்ணீர் எங்காவது போயாக வேண்டும். ஒரு பகுதி தாளுக்குள் இறங்கும், மற்றது காற்றில் உலரும். தாள் வாங்க மறுத்தால் காற்று ஒன்றுதான் வழி. மார்ச் மாதத் தேர்வறையில், கடலோர ஊரின் புழுக்கத்தில், வியர்த்த கையோடு எழுதும்போது அந்த வழியும் மெதுவாகிறது.

இந்தக் கணக்கைத் தெளிவாகக் காட்டியது என் தம்பி மகள் கயலின் நோட்டு. பத்தாம் வகுப்புப் பெண், இடக்கைப் பழக்கம். "பெரியப்பா, நோட்டு அழுக்கா இருக்குன்னு மிஸ் ஒவ்வொரு தடவையும் திட்டுறாங்க. நான் என்ன வேணும்னா பண்றேன்?" என்று நோட்டை நீட்டினாள். வரிக்கு வரி, இடமிருந்து வலமாக ஒரு நீலப் புகை இழுத்திருந்தது. அவள் சுண்டுவிரல் ஓரமும் நீலமாக இருந்தது. தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலமாகப் போகிற எழுத்துகள். வலக்கைக்காரரின் கை எழுதாத தாளின் மேல் போகும், இடக்கைக்காரரின் கை இப்போதுதான் எழுதிய சொல்லின் மேல் போகும். அவள் எழுதும்போது பார்த்தேன். பேனா முனைக்கு இடப்பக்கம் நாலைந்து சென்டிமீட்டர் தள்ளி அவள் உள்ளங்கை ஓரம் தாளைத் தொட்டது. அது இரண்டு சொல் தூரம். ஒரு சொல் எழுத அவளுக்கு இரண்டு மூன்று விநாடி ஆகிறது. அப்படியானால் எழுதிய சொல்லின் மேல் ஐந்தாறு விநாடிக்குள் கை வந்துவிடுகிறது. அவளுக்கு வேண்டிய பேனா எது என்பதை இந்த ஐந்து விநாடிதான் முடிவு செய்கிறது.

கடைக்குப் போனோம். கடைக்காரர் சோதித்துப் பார்க்கப் பேனா தருவார், ஆனால் கிறுக்கிப் பார்க்க அவர் வைத்திருந்தது பழைய காலண்டர் தாள். அதில் எல்லாப் பேனாவும் நன்றாகத்தான் எழுதும். எந்த நோட்டில் எழுதப் போகிறோமோ அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில்தான் சோதிக்க வேண்டும். கயல் தன் நோட்டைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். நாலு பேனாவால் ஒரே வாக்கியத்தை எழுதச் சொல்லி, எழுதி முடித்து ஐந்து விநாடியில் ஒரு சொல்லையும், பத்தில் அடுத்ததையும், இருபதில் அதற்கடுத்ததையும் விரலால் ஒரு தடவை தேய்த்தோம்.

0.7 ஜெல் பத்து விநாடியிலும் இழுத்துக்கொண்டு வந்தது, இருபதில்தான் நின்றது. 0.5 ஜெல் ஐந்தில் ஈஷியது, பத்தில் நின்றது. மை ஒன்றேதான், முனை சிறியது என்பதால் தாளில் விழுந்த ஈரம் குறைவு. மூன்றாவது சாதாரண பால்பாயிண்ட். கோடுகள் ஐந்து விநாடியிலேயே அசையவில்லை, ஆனால் பந்தைச் சுற்றித் திரண்ட மை 'கு'வின் வளைவில் ஒரு பொட்டாக விழுந்திருந்தது, அது மட்டும் விரலோடு வந்தது. நாலாவது, நீர்த்த எண்ணெய் மை உள்ள பால்பாயிண்ட். 2006-இல் ஜப்பானிய ஜெட்ஸ்ட்ரீம் பேனாவில் பெயர் பெற்ற இந்த வகை இப்போது உள்ளூர்ப் பேனாக்களிலும் கிடைக்கிறது. கடைக்காரரிடம் "அழுத்தாம எழுதுற பால்பாயிண்ட், ஜெல் வேணாம்" என்றால் எடுத்துத் தருவார். இது எண்ணெய் மைதான், ஆனால் கெட்டி குறைவு, அதனால் ஜெல்லுக்குச் சற்றே குறைவான மென்மையோடு ஓடுகிறது. ஐந்து விநாடியில் விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. கயலுக்கு அதன் 0.7 முனையை வாங்கினோம். முனையின் எண் உள்ளே இருக்கும் பந்தின் விட்டம், கோட்டின் அகலம் அதில் ஏறக்குறைய பாதிதான் வரும், அதனால் 0.7 என்றதும் தடித்த எழுத்தோ என்று பயப்பட வேண்டாம்.

அதே 0.7 ஜெல்லை அவளுடைய ரஃப் நோட்டிலும் எழுதிப் பார்த்தோம். மங்கிய நிறத் தாள், மலிவு. மூன்று நாலு விநாடியில் உலர்ந்துவிட்டது! ஆனால் ஓரம் பிசிறியது, புள்ளிகள் பின்பக்கம் தெரிந்தன. பரண் நோட்டின் பழைய குறை அப்படியே திரும்பி வந்தது. ஈரமான மையானால் ஊறுவது அல்லது ஈஷுவது, இரண்டில் ஒன்றைச் சகித்துத்தான் ஆக வேண்டும். எண்ணெய் மை மட்டும் இந்தச் சண்டையிலிருந்து பெரும்பாலும் விலகி நிற்கிறது.

இனி நோட்டு. இன்று கடைகளில் எல்லாரும் கேட்கும் கேள்வி "எத்தனை ஜி.எஸ்.எம்.?" என்பதுதான். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதே ஜி.எஸ்.எம். அன்று இந்தச் சொல் அச்சகத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது. ஒரு குயர் நோட்டு, இரண்டு குயர் நோட்டு என்று பக்க எண்ணிக்கையை மட்டும் கேட்டு வாங்கினோம். இன்றைய பள்ளி நோட்டுகள் பெரும்பாலும் 54 முதல் 60 வரை இருக்கும், விலை உயர்ந்தவை 70-ஐத் தாண்டும். ஜெராக்ஸ் தாள் 70 முதல் 80. இந்த எண் தாளின் கனத்தைச் சொல்கிறது, பின்பக்க எழுத்து நிழலாகத் தெரியுமா என்பதை ஓரளவு சொல்கிறது. மை ஊறுமா, ஈஷுமா என்பதைச் சொல்வதே இல்லை. அது பசையின் வேலை. பசை குறைந்த 70-இல் மை ஊறும், பசை நன்கு ஏறிய 58-இல் நிற்கும். நிழல் தெரிவதும் மை ஊடுருவுவதும் வேறு வேறு. நிழல் மட்டும் தெரிந்தால் கனமான தாள் உதவும். பின்பக்கத்தில் மையே வந்து நின்றால், கனத்தைக் கூட்டிப் பயன் குறைவு, பேனாவை மாற்றுங்கள்.

சில நோட்டுகளில் ஜி.எஸ்.எம். போட்டிருக்காது. வீட்டுச் சமையல் தராசு இருந்தால் நாமே கண்டுபிடிக்கலாம். கயலின் லாங் சைஸ் நோட்டை அளந்தோம். தாள் 27.2 சென்டிமீட்டர் நீளம், 16.7 அகலம், பரப்பு 0.0454 சதுர மீட்டர். 172 பக்கம் என்றால் 86 தாள், மொத்தம் 3.9 சதுர மீட்டர். நோட்டின் எடை 245 கிராம், அட்டைக்கு 20 கழித்தால் 225. அதை 3.9-ஆல் வகுத்தால் 58 வருகிறது. ஏ4 தாளானால் இன்னும் சுலபம், 16 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர், அந்தப் பதினாறின் எடையே ஜி.எஸ்.எம்.

இந்தக் கணக்கை அப்படியே திருப்பினால் பையின் சுமை தெரியும். அதே நோட்டு 70-இல் இருந்தால் தாள் மட்டும் 273 கிராம், 48 கிராம் கூடுதல். ஏழு நோட்டு என்றால் மூன்றில் ஒரு பங்கு கிலோ. பை, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது ஒன்றிய அரசின் பள்ளிப் பைக் கொள்கை. 40 கிலோ பிள்ளைக்கு மொத்தம் 4 கிலோதான். பால்பாயிண்டில் எழுதும் பிள்ளைக்கு 70 வாங்கித் தருவது முதுகில் வீண்சுமை என்பேன். ஜெல்லோ பவுண்டன் பேனாவோ பிடிக்கிற பிள்ளைக்கு ஒரே ஒரு நோட்டு, கட்டுரைக்கோ கையெழுத்துப் பயிற்சிக்கோ, கனமாக வாங்கலாம்.

பல பள்ளிகளில் நோட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லை. அரசுப் பள்ளியில் விலையில்லா நோட்டு வருகிறது, தனியார் பள்ளிகள் பலவற்றில் பள்ளியே நோட்டு விற்கிறது. அங்கே நம் கையில் இருப்பது பேனா மட்டும். நோட்டு வந்த அன்றே கடைசிப் பக்கத்தில் இந்த விரல் சோதனையைச் செய்துவிடுங்கள்.

வலக்கைக்காரர்களுக்கும் ஈஷும் இடங்கள் சில உண்டு. ஜெல்லில் எழுதிய தலைப்புக்கு உடனே அடிக்கோடு போட்டால், ஸ்கேல் தாளோடு ஒட்டிய ஓரத்தில் மை இறங்கி, ஸ்கேலை எடுக்கும்போது இழுத்துக்கொண்டு வரும். சரிவான ஓரம் உள்ள ஸ்கேலைக் கவிழ்த்து வைத்தால் விளிம்பு தாளிலிருந்து உயர்ந்து நிற்கும், மை அடியில் போகாது. ஹைலைட்டர் போடும் பழக்கம் இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது. அது தண்ணீர் மை, சாயம் கரைந்த ஜெல் எழுத்தை மறுநாள்கூட இழுத்துக் கலக்கிவிடும். நிறமித்தூள் கலந்த ஜெல் நன்றாகக் காய்ந்தபின் கரையாது. எந்த ரகம் என்று அட்டையில் எழுதியிருக்காது, மறுநாள் ஒரு சொல்லின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒற்றினால் தெரிந்துவிடும். அழிக்கக்கூடிய ஜெல் பேனாக்களிலும் ஒரு வகையை மட்டும் பிள்ளையின் தேர்வுப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த மை சூட்டில் மறையும் வகை, 60 டிகிரியை எட்டினால் எழுத்தே போய்விடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு வந்துவிடக் கூடும்.

பொதுத்தேர்வு விடைத்தாளில் நீலம் அல்லது கறுப்பு மையில்தான் எழுதவும் அடிக்கோடிடவும் வேண்டும், படம் பென்சிலில். ஜெல்லா பால்பாயிண்டா என்பது பிள்ளையின் விருப்பம். வட்டத்தைக் கருக்கும் ஓ.எம்.ஆர். தாளில் நிலைமை வேறு, அங்கே பால்பாயிண்ட்தான். ஜெல்லில் வட்டத்தை நிரப்பினால் ஒரு குட்டிக் குளம் கட்டும், அடுத்த வரிக்குப் போகும் கை அதைப் பக்கத்து வட்டத்துக்குள் இழுத்துவிட்டால் இயந்திரம் இரண்டு விடையாகப் படிக்கக்கூடும்.

கயலிடம் கடைசியாகச் சொன்னது ரீஃபில் பற்றி. புது ரீஃபில் முதல் சில வரிகள் விட்டு விட்டு எழுதும், அதற்குப் பிறகுதான் சீராக ஓடும். தேர்வுக்கு முந்தின வாரமே ஒரே ரகத்தில் மூன்று பேனா எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுதித் தயாராக வைத்துக்கொள்ளச் சொன்னேன். "பழைய விடைத்தாள் கிடைக்குமா பெரியப்பா? அதுல எழுதிப் பாத்துக்கறேன்" என்றாள். பள்ளியில் மாதிரித் தேர்வுக்குக் கொடுத்த தாளில் எழுதாத பக்கங்கள் அவள் பையிலேயே இருந்தன.